ஒரு சென்டிமீட்டர் அடைப்பும் மூன்று வாரத் தூக்கமும்

கேள்வி: என் சித்தப்பாவுக்கு 61 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் எழுப்ப எழுப்ப எழவில்லை. குளிருக்கு அறையில் கரிச்சட்டி வைத்திருந்தார்கள். அந்தப் புகைதான் என்று நினைத்தோம். பக்கத்து மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு, தலாமஸில் இரண்டு பக்கமும், நடுமூளையிலும் சிறிய அடைப்பு என்றார்கள். சீட்டில் E1 V2 M4 என்று இருந்தது. எங்கள் ஊரில் ஒரு தாத்தாவுக்கு மூளையில் பாதிக்கு மேல் அடிபட்டும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். இவருக்கு இத்தனை சிறிய அடைப்புக்கு ஏன் கோமா? இப்போது கண் திறக்கிறார், ஆனால் நாள் முழுக்கத் தூக்கம். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறதா?

பதில்:

அந்தத் தாத்தாவிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்குப் பெருமூளையின் ஒரு பக்கம் போயிருக்கும். கை கால் விழுந்திருக்கும், பேச்சு போயிருக்கலாம். ஆனாலும் காலையில் கண் திறப்பார், கூப்பிட்டால் திரும்புவார். ஏனென்றால் சுயநினைவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று விழித்திருப்பது. மற்றொன்று, விழித்திருக்கும்போது எதை அறிகிறோம் என்பது. அறிகிற வேலையைப் பெருமூளையின் மேலடுக்கான புறணி செய்கிறது. அது மிகப் பரந்தது; ஒரு பகுதி அழிந்தால் அந்தப் பகுதியின் வேலை மட்டும் போகும். விழிக்கவைக்கும் வேலையை மூளைத்தண்டின் மேல்பாகத்தில் இருக்கும் நரம்பணுக் கூட்டங்கள் செய்கின்றன. அவை இருக்கும் இடம் மிகக் குறுகியது. வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் அங்கே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. எஸ்டேட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போனால் சரிவு முழுவதும் இருட்டாகிவிடுகிறதே, வீடுகளில் ஒரு பல்புகூட உடைந்திருக்காது. உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது அது.

அதனால்தான் மருத்துவத்தில் கோமா என்றதும் இரண்டு இடங்களை மட்டும் சந்தேகிக்கிறோம். இரண்டு பக்கப் பெருமூளையும் ஒருசேரச் செயலிழந்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்கினாலோ விஷம் ஏறினாலோ பிராணவாயு குறைந்தாலோ அப்படி ஆகும். இல்லையென்றால் மூளைத்தண்டின் மேல்பாகத்திலிருந்து தலாமஸ் வரையுள்ள அந்தக் குறுகிய இடம் பழுதாகியிருக்க வேண்டும். பெரிய கட்டியோ ரத்தக்கசிவோ மூளையைத் தள்ளி அந்தத் தண்டை நசுக்கினாலும் முடிவு இதுவே.

இந்த விழிப்பு அமைப்புக்கு ரெட்டிகுலர் ஆக்டிவேட்டிங் சிஸ்டம் என்று பெயர். இதைக் கண்டுபிடித்த வரலாறு உங்கள் கடைசிக் கேள்விக்கு நேராகப் போய்ச் சேருவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1935இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரெமர் என்ற உடலியலாளர் பூனைகளின் மூளைத்தண்டை இரண்டு வெவ்வேறு உயரங்களில் குறுக்காக வெட்டிப் பார்த்தார். தண்டும் முதுகுத் தண்டுவடமும் சேரும் அடிப்பாகத்தில் வெட்டினால் உடம்பு செயலற்றுப் போனது. ஆனால் மூளை வழக்கம்போல் தூங்கி விழித்தது. அதையே மேலே, தண்டின் உச்சியான நடுமூளையின் குறுக்காக வெட்டினால் மூளையின் மின்பதிவில் தூக்கத்தின் பெரிய மெதுவான அலைகள் மட்டுமே வந்தன. உடம்பிலிருந்து வரும் உணர்ச்சிச் செய்திகள் தடைபட்டதால் மூளை தூங்கிவிட்டது என்று அவர் விளக்கினார். கேட்டால் நியாயமாகத்தான் படும். இருட்டான, சத்தமில்லாத அறையில் நமக்கும் தூக்கம் வருகிறது அல்லவா?

ஆனால் அந்த விளக்கம் நிற்கவில்லை. 1949இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர், மயக்க மருந்தின் பாதிப்பில் இருந்த பூனையின் மூளைத்தண்டின் நடுமையத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தார்கள். தூக்க அலைகள் உடனே மறைந்து, விழித்த மூளைக்குரிய சிறிய வேகமான அலைகள் வந்தன. உணர்ச்சிச் செய்திகள் ஏறும் பாதைகள் தண்டின் ஓரங்களில் போகின்றன. இவர்கள் தொட்டது நடுமையம். அதைத் தொடர்ந்து நடந்த சோதனைகளில் ஓரப் பாதைகளை மட்டும் வெட்டியபோது விலங்கு விழித்தே இருந்தது. ஓரப் பாதைகளை விட்டுவிட்டு நடுமையத்தை மட்டும் அழித்தபோது அது எழவே இல்லை. செய்தி மூளைக்குப் போய்ச் சேருவது ஒரு காரியம், மூளை விழித்திருப்பது வேறொரு காரியம் என்பது அப்போது நிரூபணமானது.

இரண்டும் சந்திக்கும் இடம்தான் தலாமஸ். மூளையின் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் முட்டை வடிவத்தில் இருக்கிறது. கண், காது, தோல், நாக்கு ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் இங்கே வந்து, ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்கு மாறி, புறணிக்குப் போகின்றன. வாசனை மட்டும் விலக்கு. அது தலாமஸைக் கேட்காமலேயே நேராகப் புறணிக்குப் போய்விடும். ஒவ்வொரு புலனுக்கும் தலாமஸில் தனித்தனி நிலையம் உண்டு. பள்ளிப் புத்தகங்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, தலாமஸ் என்றால் செய்தியை வாங்கிக் கொடுக்கும் இடம் என்று எழுதிவிடுகின்றன. அது பாதிதான்.

தலாமஸ் நரம்பணுக்களுக்கு இரண்டு நடைகள் இருக்கின்றன. மூளைத்தண்டிலிருந்து அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் வந்து நனைத்துக்கொண்டிருக்கும்வரை அணுக்கள் ஓரளவு தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கும். வரும் ஒவ்வொரு துடிப்பையும் அதன் அளவுக்கு ஏற்றபடி மேலே அனுப்பும். அந்த வரத்து நின்றதும் அணுவுக்குள் மின்னழுத்தம் இறங்குகிறது. அப்போது அதுவரை மூடியிருந்த ஒருவகைக் கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகின்றன. அதன் பிறகு அணு, வரும் செய்தியைக் கவனிக்காமல் தன் தாளத்துக்குக் கொத்துக்கொத்தாக வெடிக்கும். தூங்குகிறவரின் இ.இ.ஜி. பதிவில் தெரியும் மெதுவான அலைகளில் ஒரு பங்கு இந்தத் தாளம்தான். கம்பி அறுந்திருக்காது, ஆனால் அதில் செய்தி போகாது. நாம் ஒவ்வோர் இரவும் இந்த நிலைக்குப் போய்த் திரும்புகிறோம்.

இனி உங்கள் சித்தப்பாவின் அடைப்பு. தலாமஸின் உள்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள், மூளையின் பின்பக்க ரத்தக்குழாய்களிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கிளம்புவதுதான் வழக்கம். சிலருக்கு மட்டும் பிறவியிலேயே ஒரு பக்கத்திலிருந்து ஒற்றைத் தண்டாகக் கிளம்பி, பிறகு இரண்டாகப் பிரிந்து இரு தலாமஸுக்கும் போகும். அதிலிருந்தே நடுமூளையின் மேல்பாகத்துக்கும் கிளை போவதுண்டு. 1973இல் பெர்ஷரோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் விவரித்ததால் பெர்ஷரோன் தமனி என்கிறோம். இது நோய் இல்லை, அமைப்பில் ஒரு வேறுபாடு. ஆயுள் முழுவதும் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாமல் போகலாம். அந்த ஒற்றைத் தண்டில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று சிக்கினால் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போகும். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு பழுது; விளைவு உங்களுக்குத் தெரியும்.

முதல் ஸ்கேனில் தெரியாததற்காக அந்த மருத்துவமனை மீது கோபப்படாதீர்கள். ரத்தக்கசிவை சி.டி. உடனே காட்டிவிடும். ரத்தம் அடைபட்ட இடம் அதில் கருத்துத் தெரியப் பல மணி நேரம் ஆகும். இவ்வளவு ஆழத்தில், இவ்வளவு சிறிதாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற பதிவு மட்டுமே இதைத் தொடக்கத்திலேயே வெள்ளையாகக் காட்டும். தூக்கத்தில் வந்ததால் எத்தனை மணிக்கு அடைத்தது என்பதும் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். கடைசியாக நல்லபடி பார்த்த நேரத்திலிருந்து அதைக் கணக்கிட வேண்டும். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் என்றால் விடிவதற்கு முன்பே அந்தக் கெடு முடிந்துவிடுகிறது.

கரிச்சட்டியைச் சந்தேகித்ததும் சரியே. குன்னூரில் பல குளிர்காலங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூடிய அறையில் கரி எரிந்திருந்தால் நானும் முதலில் கார்பன் மோனாக்சைடைத்தான் நினைப்பேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி அதை ஒதுக்கவும் மாட்டேன். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிராணவாயு ஏறிய ரத்தத்தையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும். அதற்கென்று ரத்தப் பரிசோதனை தனியாக இருக்கிறது. அதே அறையில் படுத்தவர்களுக்குத் தலைவலியோ வாந்தியோ இருந்ததா என்று கேட்பது அதைவிட விரைவான வழி.

இப்படிப்பட்ட ஒரு காலையில் வரிசை இப்படித்தான் போகும். முதலில் மூச்சு, ரத்த அழுத்தம். கையோடு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். மிகவும் இறங்கியிருந்தால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம், தாமதித்தால் மூளை அழியும். அடுத்தது கண்மணி. இரண்டும் குண்டூசி முனைபோலச் சுருங்கி, வேர்த்து வாயில் நீர் ஒழுகினால், கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருக்கும் இந்த மலையில் பூச்சிமருந்தை நினைக்காமல் இருக்க முடியாது. சர்க்கரை இறங்கிய மயக்கத்திலும் புகை மயக்கத்திலும் பெரும்பாலும் இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இருந்து டார்ச் ஒளிக்குச் சுருங்கும். ஆனால் ஒரு கண்மணி மட்டும் விரிந்து, ஒளிக்கு அசையாமல், அந்தக் கண்ணே வெளிப்பக்கம் ஒதுங்கி இருந்தால் வழக்கு மாறிவிடுகிறது. ரத்தத்தில் கலந்த விஷம் எதுவும் ஒரு கண்ணை மட்டும் தேர்ந்தெடுக்காது. கண்மணியைச் சுருக்கும் நரம்பு நடுமூளையிலிருந்து கிளம்புகிறது. விழிப்பு அமைப்பும் அதே இடத்தில். சி.டி. சுத்தமாக இருந்தும் எம்.ஆர்.ஐ.க்காக மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கவைப்பது பெரும்பாலும் அந்த டார்ச் லைட்தான்.

சீட்டில் இருந்த எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974இல் கொண்டுவந்த கணக்கு அது. E1 என்றால் வலி கொடுத்தும் கண் திறக்கவில்லை. V2 என்றால் முனகல் மட்டும். M4 என்றால் வலிக்கும் இடத்திலிருந்து கையை இழுத்துக்கொள்கிறார். கூட்டினால் 7. முழு விழிப்புக்கு 15, மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கோமா என்பது பொதுவான வழக்கம். ஆழம் மட்டுமே இதில் தெரியும். பூச்சிமருந்திலும் இதே 7 வரலாம், தலையில் அடிபட்டாலும் வரலாம். உறவினர்கள் இந்த எண்ணைத் தேர்வு மதிப்பெண்போல் தினமும் கேட்கிறார்கள். கண்மணி எப்படி இருக்கிறது என்று கேட்டால் எங்களுக்கு அதிகம் சொல்ல இருக்கும்.

தலாமஸில் அடிபட்டதால் கோமா என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் கருத்தில் அதில் ஒரு திருத்தம் வேண்டும். தலாமஸ் மட்டும் போனவர்கள் பெரும்பாலும் தூங்கி வழிவார்கள், தட்டினால் எழுந்து இரண்டு வார்த்தை பேசி மறுபடி சாய்வார்கள். ஆழ்ந்த கோமாவுக்குப் போகிறவர்களைக் கவனித்தால் பழுது நடுமூளைக்கு இறங்கியிருக்கும். தலாமஸ் அடைப்புகளை வரைபடமாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் இதையே காட்டியது. எலிகளில் தலாமஸ் அணுக்களை அழித்தாலும் அவை தூங்கி விழிக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரியும். மூளைத்தண்டிலிருந்து விழிப்பு ஏறுவதற்கு இரண்டு வழிகள் இருப்பதுதான் காரணம். ஒன்று தலாமஸ் வழியாக. மற்றொன்று அதற்குக் கீழே, ஹைபோதலாமஸ் வழியாக முன்மூளையின் அடிப்பாகத்துக்குப் போய்ப் புறணியைத் தொடுகிறது. நடுமூளையில் இரண்டும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே அடைத்தால் இரண்டும் அடிபடும். உங்கள் சித்தப்பா மூன்று வாரத்துக்குள் கண் திறந்துவிட்டதை வைத்துப் பார்த்தால், நடுமூளைப் பழுது முழுமையானதாக இருக்க வாய்ப்பில்லை. கீழ்வழி தேறியிருக்கிறது, தலாமஸ் வழி இன்னும் தடுமாறுகிறது என்று நினைக்கிறேன்.

கண் திறந்ததை மட்டும் வைத்து முடிவுகட்டவும் கூடாது. உயிர் பிழைத்தவர்கள் எவரும் பெரும்பாலும் சில வாரங்களில் கண் திறந்துவிடுவார்கள். விழிப்பு திரும்பி, அறிவு திரும்பாமலே இருக்கலாம். அமெரிக்காவில் கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண் 1975இல் சுயநினைவிழந்து, பத்தாண்டு அப்படியே இருந்து இறந்தார். கண் திறப்பார், மூடுவார், எதையும் அறிந்ததற்கு அடையாளம் இல்லை. அவருடைய மூளையை ஆராய்ந்த அறிக்கை 1994இல் வந்தபோது எல்லோருக்கும் வியப்பு. புறணி அழிந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதைவிட மோசமாக அழிந்திருந்தது தலாமஸ்.

இப்போது உங்கள் கேள்வி. காதிலிருந்து வரும் செய்திக்குத் தலாமஸின் பின்பக்கம், வெளிப்புறமாகத் தனி நிலையம் இருக்கிறது. அதற்கு ரத்தம் வேறு கிளைகளிலிருந்து வருகிறது, பெர்ஷரோன் தமனியிலிருந்து இல்லை. தொடுவுணர்வு நிலையத்துக்கும் அப்படியே. ஆகவே உங்கள் குரல் அவருடைய புறணிவரை போவதற்கான பாதை பழுதாகவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது அது போய்ச் சேர்ந்தாலும் பயன்படாது. விழித்திருக்கும் நேரத்தில் கேட்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாளின் எந்த நேரத்தில் அதிகம் விழித்திருக்கிறார் என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். பேச்சு, உணவு, பயிற்சி எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. சுயநினைவு இருந்தும் உடம்பு முழுவதும் முடங்கிய நோயாளிகளிடம், மேலே பாருங்கள் என்று சொல்லிச் சோதிப்பது வழக்கம். நடுமூளைக்குக் கீழே, தண்டின் நடுப்பகுதி பழுதான அவர்களுக்கு மேலும் கீழும் மட்டுமே கண் அசையும். உங்கள் சித்தப்பாவுக்கு நேர்மாறு. கண்ணை மேலும் கீழும் நகர்த்தும் மையம் நடுமூளையின் உச்சியில், அவருக்கு அடைபட்ட அதே இடத்தில் இருக்கிறது. மேலே பார் என்றால் அவரால் முடியாது, புரியவில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிடுவீர்கள். விரலைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு விடச் சொல்லுங்கள். பிடிப்பது அனிச்சையாகவும் நடக்கும்; சொன்னதும் விடுவதுதான் சான்று. பதிலுக்கு அரை நிமிடமாவது காத்திருங்கள். இந்த நோயில் மூளை எல்லாவற்றையும் மெதுவாகச் செய்கிறது.

தூக்கம் மாதக்கணக்கில் குறையும். மொடாஃபினில் போன்ற விழிப்பு மருந்துகளைச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. தூக்கம் தெளிந்த பிறகுதான் மற்றவை தெரியவரும். நேற்று நடந்தது மனதில் நிற்காது, எதிலும் ஆர்வம் இருக்காது. சோம்பல் என்று வீட்டில் திட்டுவார்கள். ஞாபகத்துக்கான நரம்புத்தடமும் தலாமஸின் அந்த உள்பக்கத்தில்தான் போகிறது என்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறதா என்று ஒருநாள் முழுக்கத் தொடர்ந்து பதிவு செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

நடக்கத் தொடங்கியதும் முதலில் படிகளைக் கவனியுங்கள். மலையில் எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் சாலையிலிருந்து இறங்கவோ ஏறவோ வேண்டும். கண்ணைத் தாழ்த்த முடியாதவருக்குத் தன் காலடிப் படி தெரியாது. தலையையே குனிந்து பார்க்கப் பழக்க வேண்டும். அதுவரை இறங்கும்போது ஒருவர் அவருக்கு ஒரு படி முன்னால் இறங்கட்டும்.